சப்பானிய மூளையழற்சி

சப்பானிய மூளையழற்சி என்பது கொசுக்கடியால் பரவும் ஒரு வைரசு நோய் ஆகும். இது சப்பானிய மூளைக்காய்ச்சல் என்றும் அழைக்கப்படுகிறது. ஆசியாவின் நெல் விளையும் பகுதிகளில், பெரும்பாலும் 15 வயதுக்குட்பட்ட சிறுவரை இது தாக்குகிறது. 1871 ஆம் ஆண்டில் சப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. இந்தியாவில் இந்நோய் 1955 இல் தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியில் முதலில் அறியப்பட்டது.

## பரவும் முறை

இந்த வைரசு, டெங்கு வைரசின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீர் தேங்கிய நெல்வயல்களில் முட்டையிடும் கியூலெக்சு இனக் கொசுக்கள் இதனைக் கடத்துகின்றன. இக்கொசுக்கள் அந்தி சாய்ந்த பின்னர் கடிப்பவை. வைரசின் இயற்கை இருப்பிடம் கொக்கு போன்ற நீர்ப்பறவைகளும் பன்றிகளும் ஆகும். பன்றியின் இரத்தத்தில் வைரசு மிகுதியாகப் பெருகுவதால், அதனைக் கடிக்கும் கொசு எளிதில் தொற்றைப் பெறுகிறது.

மனிதரின் நிலை வேறு. மனித இரத்தத்தில் வைரசு சிறிதளவே, சில நாட்கள் மட்டுமே காணப்படும். எனவே நோயுற்ற குழந்தையைக் கடிக்கும் கொசு பிறருக்கு நோயைக் கடத்துவதில்லை. நோயாளியைத் தொடுவதாலும் நோய் பரவாது.

## நோயின் போக்கு

தொற்றுக்கு உள்ளாவோரில் மிகப் பெரும்பாலானோர்க்கு நோய்க்குறி எதுவும் தோன்றாது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் உண்டாகிறது. எனினும் அவ்வாறு நோயுறுவோரில் 30 விழுக்காடு வரை இறக்கக்கூடும். பிழைப்போரில் பலருக்குக் கைகால் செயலிழப்பு, பேச்சுக் குறைபாடு, வலிப்பு போன்றவை நிலைத்துவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக, 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கு நோய் வரும் விதத்தைக் காண்போம். கொசு கடித்து 5 முதல் 15 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, வாந்தி ஆகியன தொடங்கும். வயிற்றுவலியும் இருக்கலாம். இந்நிலையில் இதனைச் சாதாரணக் காய்ச்சலிலிருந்து பிரித்தறிய இயலாது. ஓரிரு நாட்களில் அவள் பொருத்தமின்றிப் பேசுவாள், அல்லது எழுப்பினாலும் விழிக்காமல் உறங்குவாள். பின்னர் வலிப்பு வரும். வலிப்பு எப்போதும் உடல் முழுவதும் வெளிப்படுவதில்லை. விரல் அல்லது இமை துடிப்பதும், கண்கள் ஒருபுறமாக நிலைகுத்துவதும்கூட வலிப்பாக இருக்கலாம். மூளையின் ஆழ்பகுதிகள் பாதிக்கப்படுவதால் முகம் உணர்ச்சியற்றுக் காணப்படும். கைகால்கள் விறைத்து நடுங்கும்.

நோயை உறுதிசெய்ய, முதுகுத்தண்டிலிருந்து எடுக்கப்படும் திரவத்தில் ஐஜிஎம் வகைப் பிறபொருளெதிரி உள்ளதா எனச் சோதிக்கின்றனர். முதல் சில நாட்களில் இச்சோதனை பொய்யாக இல்லை எனக் காட்டக்கூடும். ஆகவே தேவைப்படின் மீண்டும் செய்யப்படுகிறது.

## ஆதரவுச் சிகிச்சை

இவ்வைரசை அழிக்கும் மருந்து இல்லை. டெக்சாமெத்தசோன், இண்டர்பெரான் ஆகியவற்றைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளில் பயன் காணப்படவில்லை. மூளை தானாக மீளும் வரை மேலும் சேதமடையாமல் காப்பதே சிகிச்சையின் நோக்கம் ஆகும்.

வலிப்பு வந்தால் வீட்டிலேயே குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கு மூச்சுவழி காக்கப்பட்டு, உயிர்வளி அளிக்கப்படும். இரத்தத்தில் குளுக்கோசு குறைந்திருப்பின் ஈடுசெய்யப்படும். வலிப்பு மருந்தினால் நிறுத்தப்படும். மூளை வீக்கத்தைக் குறைக்கத் தலைப்பகுதி சற்று உயர்த்தப்படும். தேவையெனில் மானிட்டால் செலுத்தப்படும். நினைவற்ற குழந்தைக்கு மூக்குக்குழாய் வழியே உணவு தரப்படும். படுக்கைப்புண் வராமலிருக்கப் புரட்டிப் படுக்க வைப்பர்.

பாக்டீரியா மூளையுறை அழற்சி, மூளை மலேரியா, எர்ப்பிசு மூளையழற்சி ஆகியனவும் இதே தோற்றத்துடன் வரக்கூடும். அவற்றுக்கு மருந்து உண்டு. எனவே சோதனை முடிவுக்காகக் காத்திராமல், அந்நோய்கள் இல்லை என்று தெளிவாகும் வரை அவற்றுக்கான மருந்துகளையும் மருத்துவர்கள் தொடங்குவதுண்டு.

## தடுப்பூசி

2005 இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் மூளையழற்சி பெருமளவில் பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதனைத் தொடர்ந்து 2006 முதல் நோய் மிகுந்த இந்திய மாவட்டங்களில் தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. சீனாவில் உருவாக்கப்பட்ட எஸ்.ஏ. 14-14-2 என்னும் வலுக்குறைக்கப்பட்ட உயிர்வைரசுத் தடுப்பூசி இதற்குப் பயன்பட்டது. இத்தகைய மாவட்டங்களில் முதல் தவணை 9 முதல் 12 மாதங்களிலும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களிலும் இடப்படுகிறது. உயிர்வைரசு இல்லாத தடுப்பூசிகளும் உள்ளன.

இத்தடுப்பூசி தட்டம்மைத் தடுப்பூசியினின்று ஒரு முக்கிய வகையில் வேறுபடுகிறது. தட்டம்மை மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. ஆதலால் ஊரில் பெரும்பாலோர் ஊசி இட்டுக்கொண்டால் எஞ்சியோரும் காக்கப்படுவர். சப்பானிய மூளையழற்சியில் அவ்வாறு நிகழாது. ஊரிலுள்ள அனைவரும் ஊசி இட்டுக்கொண்டாலும், பறவைகளிலும் பன்றிகளிலும் வைரசு தொடர்ந்து சுழன்றுகொண்டிருக்கும். ஊசி இடப்படாத ஒரே குழந்தைக்கும் ஆபத்து அப்படியே இருக்கும். நோயாளிகள் குறைந்துவிட்டனர் என்று தடுப்பூசியை நிறுத்த முடியாததற்கும் இதுவே காரணம்.

கொசுவலையும் வீட்டைச் சுற்றி நீர் தேங்காமல் பார்ப்பதும் துணைபுரியும். ஆயினும் அந்தி வேளையில் வெளியில் கடிக்கும் கொசுவை வலை தடுக்காது. விரிந்த நெல்வயல்களைக் கொசுவின்றி வைப்பதும் அரிது.

தடுப்பூசி இந்த ஒரு வைரசிலிருந்து மட்டுமே காக்கும். மூளையழற்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே ஊசி இடப்பட்ட குழந்தைக்கும் காய்ச்சலுடன் வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ ஏற்பட்டால், அதனை அவசர நிலையாகவே கருத வேண்டும்.