நாட் என்பது தூரமா, வேகமா? புயல் நேரத்துல நாம பண்ற ஒரு சின்ன தப்புக் கணக்கு!

டிசம்பர் வந்துட்டா குள்ளஞ்சாவடி பக்கம் வானத்தைப் பார்க்குறதைவிட போனைப் பார்க்குறவங்கதான் அதிகம். காரணம் உங்களுக்கே தெரியும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தப்போ, இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோட சாய்ஞ்சது. அதனால ‘காற்றழுத்தத் தாழ்வு’னு நியூஸ் வந்தாலே உடனே Windy ஆப்பைத் திறந்துடுறோம்.

அதுல ஒரு இடத்துல ‘34 kt’னு இருக்கும். உடனே யாராவது ஒருத்தர் வாட்ஸ்அப்ல, “புயல் இன்னும் 34 நாட் தூரத்துலதான் இருக்காம், வந்துடும்!”னு தட்டிவிடுவார். அங்கேதான் தப்பு. நாட் தூரமே இல்லை, வேகம்!

முடிச்சுல பிறந்த கணக்கு

ஆங்கிலத்துல நாட் என்றால் முடிச்சு. அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்கள்ல வேகம் காட்டும் மீட்டர் கிடையாது. அதனால ஒரு மரப்பலகையில நீளமான கயிற்றைக் கட்டிக் கடல்ல போடுவாங்க. பலகை தண்ணியில ஏறக்குறைய அப்படியே நிற்கும், கப்பல் முன்னாடி போகப் போக கயிறு உருவிக்கிட்டே போகும். கயிற்றுல சுமார் 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி ஓடுற மணல் கடிகாரம் காலியாகுறதுக்குள்ள எத்தனை முடிச்சு கையைத் தாண்டுதோ, அதுதான் கப்பலின் வேகம்.

ஏன் இந்த விநோத அளவு? 28 விநாடிக்கு 14.4 மீட்டர் என்றால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1,852 மீட்டர். அதாவது ஒரு கடல் மைல். ஆக, ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். ‘மணிக்கு’ங்கிறது அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கு. அதனால ‘மணிக்கு 10 நாட்’னு சொல்றதும் தப்புதான். வெறுமனே ‘10 நாட்’ போதும்.

கி.மீ இருக்கும்போது இது எதுக்கு?

கடல் மைல் பூமியின் உருவத்துல இருந்து வந்த அளவு. வரைபடத்துல வடக்கு தெற்கா ஒரு டிகிரி நகர்ந்தா 60 கடல் மைல். கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு டிகிரி வித்தியாசம். அப்போ சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கி.மீ. 10 நாட் வேகத்துல போற படகுக்கு 6 மணி நேரம். வரைபடத்தைப் பார்த்தே கணக்கு முடிஞ்சது! அதனாலதான் கப்பல்காரங்களும் பைலட்டுகளும் இன்னைக்கும் இதை விடலை.

ரெண்டு வேகம், ரெண்டு அர்த்தம்

நாட் வேகம்னு தெரிஞ்சவங்களும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. ஒரு புயலுக்கு ரெண்டு வேகம். ஒண்ணு, புயல் மொத்தமா நம்மை நோக்கி நகர்ற வேகம். இன்னொண்ணு, அதைச் சுத்தி வீசுற காற்றின் வேகம்.

உதாரணத்துக்கு, புயல் 160 கடல் மைல் தள்ளி இருக்கு, 8 நாட் வேகத்துல நகருது, காற்று 64 நாட்னு வெச்சுக்கோங்க. எப்போ வரும்? 160-ஐ 8-ஆல வகுங்க: 20 மணி நேரம். தெரியாம 64-ஆல வகுத்தா இரண்டரை மணி நேரம்னு வந்து, தேவையில்லாம ஊரே பதறும். அந்த 20 மணி நேரமும் தோராயம்தான். நடுவுல புயல் வேகம் கூடலாம், குறையலாம், திசையே மாறலாம். பலத்த காற்றும் மையம் வர்றதுக்கு முன்னாடியே வீச ஆரம்பிச்சுடும்.

அப்போ 64 எதுக்கு? வந்தா என்ன பண்ணும்னு சொல்றதுக்கு. இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றை வெச்சுத்தான் பேர் வைக்குது. 34 நாட்டைத் தொட்டா புயல், 48-ல தீவிரப் புயல், 64-ல மிகத் தீவிரப் புயல். தானே புயல் உச்சத்துல சுமார் 75 நாட், அதாவது மணிக்கு 140 கி.மீ வேகம். வேகம் ரெண்டு மடங்கானா, மரத்து மேல காற்று தர்ற அழுத்தம் நாலு மடங்காகும். முந்திரி தாங்காம போனதுல ஆச்சரியமில்லை.

நாட்டை கி.மீ ஆக்க, ரெண்டால பெருக்கி கொஞ்சம் குறைச்சுக்கோங்க (சரியா சொன்னா 1.852). அடுத்த தடவை ‘34 நாட் தூரம்’னு ஃபார்வேர்டு வந்தா, அனுப்பினவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: “அது நகர்ற வேகமா, காற்றோட வேகமா?”