பிடித்தம் போக மிச்சம்

கவிதா என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாதம் 1,56,250 ரூபாய் சம்பளம். 2025 செப்டம்பர் கடைசியில் அந்த வேலையை விட்டு, அக்டோபர் முதல் தேதி அதே சம்பளத்துக்கு வேறு நிறுவனத்தில் சேர்கிறார். புது இடத்தில் வரிப் பிடித்தமே இல்லை. முழுச் சம்பளமும் கைக்கு வருகிறது. ‘இங்கே ஏதோ நல்லபடியாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள்’ என்று மகிழ்கிறார். அடுத்த ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் போனால், 83,200 ரூபாய் வரி பாக்கி என்கிறார் அவர். அதற்கு வட்டி வேறு.

யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு நிறுவனங்களும் சட்டப்படிதான் நடந்திருக்கின்றன.

சம்பளத்தில் வரி பிடிக்கும் முறை ஓர் ஊகத்தில் நிற்கிறது. ஆண்டு முழுவதும் இவருக்கு எவ்வளவு சம்பளம் வரும் என்று கணக்குப் பிரிவு முதலிலேயே மதிப்பிட்டு, அதற்கான வரியைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் பிடிக்கிறது. கவிதாவின் ஆண்டுச் சம்பளம் 18,75,000. நிலையான கழிவு 75,000 போக 18 லட்சம். புதிய வரி முறையில், 2025-26 விகிதப்படி, செஸ் சேர்த்து வரி 1,66,400. பழைய நிறுவனம் ஆறு மாதத்தில் அதில் சரிபாதியை, 83,200 ரூபாயை, பிடித்துவிட்டது.

புது நிறுவனத்துக்குத் தெரிந்ததோ அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சம்பளம் மட்டும்தான்: 9,37,500. அவர்களும் நிலையான கழிவைக் கொடுத்தார்கள், 8,62,500 வந்தது. 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் வரி இல்லை என்ற தள்ளுபடி அந்தத் தொகைக்குப் பொருந்துகிறது. ஆகவே பிடித்தம் பூஜ்யம். ஒரே ஆளுக்கு ஒரே ஆண்டில் கழிவும் குறைந்த வரி அடுக்குகளும் இரண்டு முறை கிடைத்துவிட்டன.

பிரிட்டனில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. சம்பளத்தில் பிடிக்கும் இந்த ஏற்பாட்டை அவர்கள் 1944 ஏப்ரலில் தொடங்கினார்கள். போர்ச் செலவுக்காக வரி வலை விரிந்து, சாதாரணத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் அதற்குள் வந்திருந்த நேரம். மொத்தமாகக் கட்ட அவர்களிடம் சேமிப்பு கிடையாது. அந்த முறையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வரித்துறையே ஒரு குறியீடு கொடுக்கிறது. அவர் வேலையை விடும்போது, அதுவரை வாங்கிய சம்பளமும் கட்டிய வரியும் எழுதிய ‘பி45’ என்ற சீட்டைப் பழைய முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். புது முதலாளி அந்த எண்களிலிருந்து கணக்கைத் தொடர்வார். இங்கே அந்தத் தகவலைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு ஊழியர் தலையில். 2025-26-ல் அதற்கு 12பி என்றொரு படிவம் இருந்தது. சேரும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டில் அதுவும் இருந்திருக்கும், பலர் நிரப்பாமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பழைய சம்பளத்தைப் புது மேலாளர் பார்த்துவிடுவாரே என்ற தயக்கமும் ஒரு காரணம்.

சரி, வரியைத்தான் ஜூலையில் கட்டிவிட்டாரே, வட்டி எதற்கு? பிடித்தத்தில் அடங்காத வரிக்கு இன்னொரு ஏற்பாடு தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் அட்வான்ஸ் டாக்ஸ். பிடித்தம் எல்லாம் போக, ஆண்டுக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி பாக்கி நிற்கும் என்றால், அந்த ஆண்டு முடியுமுன்பே நான்கு தவணையில் கட்டியாக வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். வியாபாரிக்கும் டாக்டருக்கும் மட்டுமே உரியது என்று பலரும் நினைக்கும் சட்டம் இது, சம்பளக்காரருக்கும் பொருந்தும். தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்த, இங்கேயே வசிக்கும் மூத்த குடிமக்களுக்கு விலக்கு உண்டு. உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டும் சிறு வியாபாரிகள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டினால் போதும்.

கவிதாவின் வட்டியைப் போட்டுப் பார்க்கலாம். முதல் மூன்று தவணைகளில் எவ்வளவு குறைகிறதோ அதற்கு மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாத வட்டி. கடைசித் தவணைக்கு ஒரு மாதம். நூற்றுக்குக் கீழ் உள்ள சில்லறையை விட்டுவிடுவார்கள். ஜூனுக்கு 372, செப்டம்பருக்கு 1,122, டிசம்பருக்கு 1,872, மார்ச்சுக்கு 832. கூட்டினால் 4,198. இதில் ஒரு முரண் இருக்கிறது: ஜூன் மாதம் கவிதாவுக்கு வேலை மாறும் எண்ணமே இருந்திருக்காது. ஆனாலும் ஜூன் தவணைக்கும் வட்டி உண்டு, ஏனென்றால் ஆண்டு முடிவில் தெரியவந்த பாக்கியைப் பின்னோக்கி நான்காகப் பிரித்தே கணக்குப் போடுகிறார்கள். மூலதன ஆதாயம், டிவிடெண்ட் போன்ற சிலவற்றுக்கு மட்டும், வருமானம் வந்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால் போதும் என்று சட்டம் இறங்கிவருகிறது. டிசம்பர் கடைசியில் பங்கு விற்று லாபம் பார்த்தவரிடம் ஜூன் தவணை கேட்பதில்லை. சம்பளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதற்கு மேல் இரண்டாவது வட்டி. செலுத்த வேண்டிய அட்வான்ஸ் டாக்ஸில் 90 சதவீதமாவது மார்ச் 31-க்குள் வந்து சேரவில்லை என்றால், ஏப்ரல் முதல் பணம் கட்டும் மாதம் வரை பாக்கிக்கு மாதம் 1 சதவீதம். ஜூலையில் கட்டினால் நான்கு மாதம், 3,328 ரூபாய். இரண்டும் சேர்ந்து 7,526.

இதே கதை வைப்புத்தொகை வட்டியிலும் நடக்கிறது, சத்தமில்லாமல். வங்கி 10 சதவீதம் பிடிக்கும். வாடிக்கையாளர் எந்த அடுக்கில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 2 லட்சம் வட்டி வந்தால், செஸ்ஸோடு 41,600 வரி. வங்கி பிடித்தது 20,000. மிச்சம் 21,600, பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ‘பேங்கிலேயே பிடித்துவிட்டார்கள்’ என்று சொல்பவர்களில் பலருக்கு இந்த மிச்சம் இருக்கும்.

நம் முறை வரும் வருமானத்தை ஊகித்துக் கட்டச் சொல்கிறது. பிரிட்டனில் சுயதொழில் செய்பவர்கள் ஜனவரி 31, ஜூலை 31 என்று இரண்டு தவணை கட்டுகிறார்கள்; ஒவ்வொன்றும் போன ஆண்டு வரியில் பாதி. கையில் இருக்கும் எண்ணை வைத்துக் கட்டுவதால் ஊகம் தப்பியதற்கு வட்டி இல்லை, வருமானம் ஏறினால் பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம். ஏற்ற இறக்கமுள்ள தொழில்காரருக்கு அதுவே நியாயமாக எனக்குப் படுகிறது.

சம்பளக்காரருக்கு நம் சட்டத்திலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. பழைய நிறுவனச் சம்பளத்தையும் வங்கி வட்டியையும் இப்போதைய நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தால், அவர்கள் குறைவை மிச்ச மாதங்களின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். தவணை வட்டி கணக்கிடும்போது, பிடிக்கப்பட்ட வரி எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டது என்று பார்ப்பதில்லை; மொத்த வரியிலிருந்து அப்படியே கழித்துவிடுகிறார்கள். கவிதா ஜனவரியில், சேமிப்பு ரசீதுகளைக் கேட்டு மின்னஞ்சல் வரும் நேரத்தில், பழைய விவரத்தைக் கொடுத்திருந்தால் மூன்று மாதச் சம்பளத்தில் சுமார் 27,700 ரூபாய் வீதம் குறைந்திருக்கும். வட்டி ஒரு பைசா இல்லை. அதையும் விட்டு மார்ச் 15-க்குள் தானே செலான் கட்டியிருந்தால் வட்டி 3,366. மார்ச் 31-க்குள் என்றால் 4,198. அந்தத் தேதி வரை கட்டுவதும் அட்வான்ஸ் டாக்ஸாகவே கொள்ளப்படும் என்பதால் இரண்டாவது வட்டி விழாது. செலானில் மட்டும் ‘அட்வான்ஸ் டாக்ஸ்’ என்ற தலைப்பையும் சரியான ஆண்டையும் தேர்ந்தெடுத்தோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு மாறிப்போனால் பணம் அரசிடம் போயிருக்கும், நம் கணக்கில் மட்டும் பாக்கி நிற்கும்.