ஆறு நொடிக்குள் அடங்கும் தமிழ்

ஆங்கிலத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்ட விளக்க அனிமேஷன் படத்துக்குத் தமிழ்க் குரல் சேர்க்கும்போது படத்தின் நீளம் மாறுவதில்லை. கொசு பறந்து வருவதும் தொட்டி தோன்றுவதும் ஆங்கிலப் பேச்சுக்கு ஏற்றபடி முன்பே வரையப்பட்டவை. அதனால் தமிழ் உரை பொருளில் மட்டுமல்ல, நேரத்திலும் படத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

வேலை ஒரு அட்டவணையிலிருந்து தொடங்குகிறது. காட்சி எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், திரையில் நடப்பது, ஆங்கில உரை, தமிழ் உரை ஆகியவை அதன் கட்டங்கள். திரையில் நடப்பதை எழுதும் கட்டத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மிகவும் உதவுவது அதுதான். ஒவ்வொரு பொருளும் எந்த நொடியில் தோன்றுகிறது என்பதைப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அங்கே குறிக்க வேண்டும்.

நேரக் குறியைப் படிப்பதில் ஒரு கவனம் தேவை. `00:00:14:12` என்றால் 14 நொடி, 12 ஃபிரேம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் அது ஏறக்குறைய பதினான்கரை நொடி. இதை 14.12 நொடி என்று எடுத்துக்கொண்டால் குரல் மூன்றில் ஒரு நொடி முந்திவிடும். வசன வரிக் கோப்புகளில் வரும் `00:00:14,500` வேறு முறை. காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது மில்லிநொடி.

அடுத்தது, குரல் கொடுப்பவரின் வேகத்தை அறிவது. சொற்களை எண்ணுவது தமிழில் பயன்படாது. ஒரே சொல் மூன்று ஆங்கிலச் சொற்களின் வேலையைச் செய்யும், அதற்கேற்ப நீளவும் செய்யும். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணுவது நம்பகமான வழி. குரல் கொடுப்பவரை ஒரு நிமிடம் இயல்பாகப் படிக்கச் சொல்லி இப்படி எண்ணினால் அவருடைய அளவு கிடைக்கும். நொடிக்கு ஆறு எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

டெங்கு பற்றிய ஒரு படத்தில் 14ஆம் நொடி முதல் 20ஆம் நொடி வரை ஒரு காட்சி என்று கொள்வோம். முதலில் ஏடிஸ் கொசு வருகிறது, பிறகு தேங்கிய நீர் தெரிகிறது. 17ஆம் நொடியில் பூந்தொட்டியும், அடுத்தடுத்துப் பழைய டயரும் திறந்த தொட்டியும் தோன்றுகின்றன. ஆங்கில உரையும் இதே வரிசையில் செல்கிறது. அதை அப்படியே தமிழாக்கினால் இப்படி வரும்: "பூந்தொட்டிகள், பழைய டயர்கள், திறந்த நீர்த்தொட்டிகள் போன்றவற்றில் தேங்கி நிற்கும் சுத்தமான நீரில் ஏடிஸ் கொசு இனப்பெருக்கம் செய்கிறது."

இலக்கணப்படி குறையில்லாத வாக்கியம். ஆனால் 44 எழுத்து. ஏழு நொடிக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல், திரையில் கொசு இருக்கும்போது குரல் பூந்தொட்டியைப் பேசுகிறது. தொட்டி வந்த பிறகு கொசுவைச் சொல்கிறது. வேகமாகப் படித்து நீளத்தைச் சமாளிக்கலாம். வரிசைக் குழப்பம் அதனால் தீராது.

வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் இரண்டும் தீரும்: "ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் பெருகும். பூந்தொட்டி, பழைய டயர், திறந்த தொட்டி, எதுவும் போதும்." இதில் 32 எழுத்துதான். முதல் வாக்கியம் 16ஆம் நொடி தாண்டியதும் முடிந்துவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு 17இல் "பூந்தொட்டி" என்று தொடங்கினால் பொருள்கள் வர வர அவற்றின் பெயர்களும் காதில் விழும். 20இல் உரை முடியும். "இனப்பெருக்கம் செய்கிறது" என்பதை "பெருகும்" ஆக்கியதில் மட்டுமே ஆறு எழுத்து மிச்சம். "போன்றவற்றில்" போனதால் கேட்பவருக்கு எந்த இழப்பும் இல்லை.

எண்கள் இன்னொரு பொறி. 2030 என்பதை ஆங்கிலத்தில் நான்கு அசையில் சொல்லிவிடலாம். தமிழில் "இரண்டாயிரத்து முப்பது" என்று ஒன்பது எழுத்து, ஒன்றரை நொடி. தாளில் இலக்கமாகவே இருந்தால் இந்த நீளம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குரலுரையில் எண்களையும் சுருக்கப் பெயர்களையும் வாயால் சொல்லும்படியே எழுத்தில் எழுத வேண்டும். திரையில் ஆங்கில எழுத்தாகத் தோன்றும் தலைப்புகளையும் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். அவற்றைத் தமிழில் மாற்றப்போகிறார்களா, அல்லது குரலே சொல்ல வேண்டுமா என்பது தெரியாமல் அந்தக் காட்சியின் உரையை முடிக்க முடியாது.

உரை தயாரானதும் எழுதியவரே படத்தை ஓடவிட்டு, கைபேசியில் பதிவுசெய்து பார்ப்பது நல்லது. காட்சியின் கடைசிச் சொல் அவசரமாக ஒலித்தால் உரை நீளம். மூச்சு வாங்க இடமில்லாமல் அடுத்த காட்சிக்குள் குரல் நுழைந்தாலும் அதே காரணம்தான். நீளும் உரையை மென்பொருளால் வேகப்படுத்தலாம் என்று சிலர் அதை அப்படியே விடுகிறார்கள். கொஞ்சம் கூடினாலும் ற, ர வேறுபாடு தேய்ந்து, ஒலி பதற்றமாகிவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து வரிகளை வெட்டுவதைவிட, எழுதும் மேசையிலேயே அந்த இரண்டு சொற்களை வெட்டிவிடுவது மலிவு.