25ஆம் தேதி வேலைக்குத் திரும்புவார்

ஷெங்கன் விசா மறுக்கப்பட்டால் கையில் ஒரு படிவம் தருவார்கள். அதில் அச்சடித்திருக்கும் காரணங்களுள் ஒன்று, விசாக் காலம் முடிவதற்குள் நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது. மாதச் சம்பளக்காரர் அந்தச் சந்தேகத்துக்குச் சொல்லும் பதில்தான் அலுவலகம் தரும் கடிதம். என்.ஓ.சி., லீவு லெட்டர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

விசா அதிகாரி இந்தக் கடிதத்தைத் தனியாகப் படிப்பதில்லை. சாலரி ஸ்லிப், வங்கிக் கணக்கு, விமான முன்பதிவு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கடிதம் இடறுவது அங்கேதான், பெரும்பாலும் சம்பள வரியில்.

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் பிரான்ஸுக்குச் சுற்றுலா போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சி.டி.சி. மாதம் 80,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 40,000. நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 4,800 ரூபாய், இந்த 80,000க்குள்ளேயே அடக்கம். அதனால் சாலரி ஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் 75,200 என்று இருக்கும். அவர் பங்குக்கு இன்னொரு 4,800 பிடித்தம் போக, வங்கியில் விழுவது 70,400. மூன்று தொகையும் உண்மைதான். ஆனால் ஹெச்.ஆர். கடிதத்தில் ‘மாதச் சம்பளம் 80,000’ என்று மட்டும் எழுதிவிட்டால், வங்கிக் கணக்கில் அந்தத் தொகை எங்குமே தென்படாது. பெரிய தொகையாகத் தெரியட்டும் என்று சி.டி.சி.யைப் போடச் சொல்வது வீண் ஆசை. பிடித்தத்துக்கு முன் 75,200, கைக்கு வருவது 70,400 என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

பதவியின் பெயரிலும் இதே சிக்கல் வரும். பதவி உயர்வு கிடைத்தும் சாலரி ஸ்லிப்பில் பழைய பெயரே ஓடிக்கொண்டிருந்தால், எந்தத் தேதியிலிருந்து புதிய பதவி என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்து விடுப்பு. அவர் 2026 மே 9, சனிக்கிழமை கிளம்பி 24, ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இறங்குகிறார். அலுவலகம் ஒப்புதல் தந்த விடுப்போ 11 முதல் 22 வரைதான். முன்னும் பின்னும் வார விடுமுறை என்பது நமக்குத் தெரியும். கடிதம் அதைச் சொல்லாவிட்டால் பயணத் தேதியும் விடுப்புத் தேதியும் ஒட்டாமல் நிற்கும். விடுப்புக்கு ‘விண்ணப்பித்துள்ளார்’ என்ற சொல்லுக்கும் இங்கே மதிப்பில்லை. ‘ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது, மே 25, திங்கள்கிழமை பணிக்குத் திரும்புவார்’ என்று நேராக இருக்க வேண்டும். ஊழியர் திரும்பி வருவார் என்று நிறுவனம் ஜாமீன் நிற்கவில்லை, அவருக்கான வேலை காத்திருக்கிறது என்றுதான் சொல்கிறது.

கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, அலுவலகத் தொலைபேசி எண் கடிதத்தில் இருக்கட்டும். தூதரகத்திலிருந்து அழைத்துச் சரிபார்ப்பதும் உண்டு. அந்த எண்ணை எடுத்துப் பேசுபவருக்கு உங்கள் பயணம் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.