கசக்கும் சுரைக்காய்

சுரைக்காய்க்கு உரிய சுவை இலேசான இனிப்பு. பல காய்களில் அதுகூடத் தெரியாது, சப்பென்றுதான் இருக்கும். கசப்பு அதன் சுவையே அல்ல. கடையில் வாங்கியதோ கொல்லையில் பறித்ததோ, ஒரு சுரைக்காய் கசந்தால் அதைச் சமைக்கவும் கூடாது, சாறு பிழியவும் கூடாது. அந்தக் கசப்பைத் தருவது குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். அளவு கூடினால் உயிரையும் பறிக்கும்.

சுரை, பூசணி, பீர்க்கு, புடல், வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பத்துக் கொடிகள். பூச்சிகளும் மேயும் விலங்குகளும் தங்களைத் தின்றுவிடாமல் இருக்க இக்கொடிகள் உருவாக்கும் கசப்புப்பொருள்களின் தொகுதிக்குத்தான் குக்கர்பிட்டாசின் என்று பெயர். காட்டில் தானாக வளரும் வகைகளில் அது நிறைந்திருக்கும். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று கசக்கும் வகைகளுக்கெல்லாம் பேயின் பெயரை வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. கசக்காத காயின் விதையை மட்டுமே தலைமுறை தலைமுறையாக எடுத்து விதைத்து வந்ததால்தான் இன்று சமையலறைக்கு வரும் சுரைக்காயில் இந்தப் பொருள் ஏறக்குறைய இல்லாமலே போனது.

ஆனால் அதை உண்டாக்கும் திறன் செடியிலிருந்து முற்றாக அழிந்துவிடவில்லை. நல்ல சுரைக்கொடியின் பூவில் அருகிலுள்ள பேய்ச்சுரையின் மகரந்தத்தை வண்டோ தேனீயோ கொண்டுவந்து சேர்த்தால், அந்தப் பூவில் காய்க்கும் காய் கசக்காது. அதன் சதை தாய்க்கொடிக்குச் சொந்தமானது. கசப்பு அந்தக் காயின் விதைக்குள் ஒளிந்திருக்கும். அதை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கும்போதுதான் கசக்கும் காய்கள் தொங்கும். குப்பைமேட்டில் தானாக முளைத்த சுரைக்கொடியும், வீட்டில் எடுத்துவைத்த விதையும் சந்தேகத்துக்குரியவை ஆவது இதனால்தான். கடும் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு போன்ற நெருக்கடிகளும் கொடியில் கசப்பைக் கூட்டும். பார்வைக்கு எந்த வேறுபாடும் இருக்காது. பிஞ்சு, முற்றல், பச்சை நிறம், வடிவம் எதை வைத்தும் கசக்கும் காயைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தியாவில் இந்த ஆபத்தைப் பலர் அறியக் காரணமானது 2010-இல் டெல்லியில் நடந்த ஒரு மரணம். அங்கு ஒரு விஞ்ஞானியும் அவருடைய மனைவியும் உடல்நலத்துக்காகச் சுரைக்காய்ச் சாறு குடிக்கும் வழக்கம் உள்ளவர்கள். அதில் பாகற்காய்ச் சாறும் கலந்திருக்கும். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் குடித்த சாறு இருவருக்கும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கியது. கணவர் இறந்தார், மனைவி பிழைத்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்து, இதே போன்ற பிற நிகழ்வுகளையும் ஆராய்ந்தது. கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது, சுரைக்காய்ச் சாற்றுடன் வேறு எதையும் கலக்கக் கூடாது என்பவை அக்குழுவின் முக்கியமான அறிவுரைகள்.

கலக்கக் கூடாது என்பதன் பொருள் இந்த நிகழ்விலேயே இருக்கிறது. பாகற்காய் கசப்பது இயல்பு. அதன் கசப்பைத் தரும் பொருள்கள் குக்கர்பிட்டாசினுக்கு உறவானவை என்றாலும் வழக்கமான அளவில் உண்பவரை இப்படி வீழ்த்துவதில்லை. அந்தச் சாற்றோடு சேர்ந்தபோது சுரைக்காயின் கசப்பு தனியாகத் தெரிய வழியில்லை. நாக்கு தரும் ஒரே எச்சரிக்கையை அந்தக் கலவை மூடிவிடுகிறது. மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்ற நம்பிக்கையும் இதையே செய்கிறது. கூட்டில் ஒரு துண்டு கசந்தால் இலையோரம் ஒதுக்கிவிடுபவர்கள், சாறு என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக் குவளையையும் விழுங்கிவிடுகிறார்கள். போதாததற்கு, ஒருவர் கறியாக உண்ண முடியாத அளவுச் சுரைக்காய் ஒரு குவளைச் சாற்றுக்குள் அடங்கிவிடும். அதுவும் பெரும்பாலும் வெறும் வயிற்றில்.

உள்ளே போன குக்கர்பிட்டாசின் முதலில் தாக்குவது உணவுப்பாதையின் உட்படலத்தை. உயிரணுக்களுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகளை அது குலைப்பதாக ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. குடித்த சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் வயிறு முறுக்கி வலிக்கும், வாந்தியும் பேதியும் தொடங்கும். இரைப்பையும் முன்சிறுகுடலும் புண்ணாகி இரத்தம் கசிவதால் வாந்தியில் இரத்தம் வருவதும் உண்டு. எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டுப் பார்க்கும்போது அந்தப் புண்கள் கண்ணுக்கே தெரியும்.

உயிருக்கு ஆபத்து வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் வழியே நீர் வெளியே கசிவதை இப்பொருள் கூட்டுகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. வாந்தியிலும் பேதியிலும் ஒரு பக்கம் நீர் போக, குழாய்க்குள் இருக்க வேண்டிய நீரும் வெளியேறினால் இரத்த அழுத்தம் சடாரென்று விழும். தலை சுற்றும், உடல் சில்லிடும், சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாது. சாதாரண வயிற்றுப்போக்கு என்று வீட்டில் காத்திருப்பது இங்கேதான் ஆபத்தாக முடிகிறது.

இதற்கு மாற்றுமருந்து கிடையாது. மருத்துவமனையில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றி அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவார்கள், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்து புண் ஆற வழிசெய்வார்கள். நேரத்தோடு போனவர்களில் பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுகிறார்கள். கசந்த சுரைக்காயைச் சாப்பிட்ட செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கெட்டுப்போன உணவால் வந்த கோளாறு என்றே எண்ணத் தோன்றும்.

வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நினைப்பதற்கு இடமில்லை. குக்கர்பிட்டாசின் அடுப்புச் சூட்டில் சிதைவதில்லை. 2015-இல் ஜெர்மனியில் முதியவர் ஒருவர், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினி என்ற பூசணி வகையைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தார். காம்புப் பக்கத்தை வெட்டி உப்புத் தேய்ப்பது, தோலைச் சீவுவது, புளியையும் காரத்தையும் கூட்டுவது எல்லாம் கசப்பை நாக்கிலிருந்து மறைக்கலாம், காயிலிருந்து நீக்காது.

எனவே சோதனையைச் சமைப்பதற்கு முன்பே, மசாலாவும் உப்பும் படாத பச்சைக் காயில் செய்ய வேண்டும். காம்புப் பக்கத்திலிருந்தும் மறுமுனையிலிருந்தும் நகக்கண் அளவுத் துண்டை வெட்டி நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, துப்பிவிட வேண்டும். கசப்பு உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறுவதால், வீட்டில் இன்னொருவரும் சுவைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று காய்கள் சேர்த்துச் செய்வதானால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஒன்று நன்றாக இருப்பது மற்றதற்குச் சாட்சி ஆகாது. கசந்த காயை ஆடுமாடுக்கும் போடாமல் எறிந்துவிட்டு, அது காய்த்த கொடியையும் பிடுங்கிவிட வேண்டும். அதிலிருந்து விதை எடுக்கக் கூடாது.