ஸ்கவுட் அறிந்ததும் நிருபர் அறிந்ததும்

அமெரிக்க, பிரிட்டன் பள்ளிகளில் ஒரு நாவலைப் படித்து முடித்ததும் ஆசிரியர்கள் அடிக்கடி தரும் பயிற்சி ஒன்று உண்டு. கதையின் முக்கியமான நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அந்த ஊர்ப் பத்திரிகையின் நிருபராக இருந்து செய்தி எழுத வேண்டும். கதைச்சுருக்கம் எழுதுவது போலத்தான் என்று நினைத்துப் பல மாணவர்கள் இதில் சறுக்குகிறார்கள். எங்கே சறுக்குகிறார்கள் என்பதை ஒரே ஒரு நாவலை வைத்துப் பார்க்கலாம்.

ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் நடுவே ஒரு நீதிமன்ற விசாரணை வருகிறது. களம் 1930-களின் அலபாமா மாநிலம், மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூர். மேயெல்லா யூவெல் என்ற 19 வயது வெள்ளைப் பெண்ணை வல்லுறவு செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர்மேல் வழக்கு. அவருக்காக வாதாடுபவர் அட்டிகஸ் ஃபிஞ்ச். கதையைச் சொல்பவள் அட்டிகஸின் சிறு மகள் ஸ்கவுட். சாட்சியங்கள் டாமுக்குச் சாதகமாக இருந்தும், வெள்ளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்கிறது.

இதைச் செய்தியாக்கும் மாணவர் முதலில் ஸ்கவுட்டிடமிருந்து விலகி வர வேண்டும். ஸ்கவுட் அன்று கறுப்பின மக்கள் உட்காரும் மாடியில், அண்ணன் ஜெம்மோடும் நண்பன் டில்லோடும் இருந்தாள். நிருபர் இருப்பது கீழே. இடம் மாறினால் தெரிந்த விஷயங்களும் மாறிவிடும். டால்ஃபஸ் ரேமண்ட் என்பவர் எப்போதும் காகிதப் பைக்குள் மறைத்துக் குடிப்பது விஸ்கி என்று ஊரே நம்புகிறது. அது வெறும் கோக் என்பதை அன்று நீதிமன்றத்துக்கு வெளியே அவர் காட்டிக்கொடுப்பது குழந்தைகளிடம் மட்டும்தான். ஜூரியில் ஒருவர் டாமை விடுவிக்கச் சொல்லி நெடுநேரம் பிடிவாதமாக நின்றார் என்பதை அட்டிகஸ் பிறகு வீட்டில்தான் சொல்கிறார். டாமின் சாவு அதற்கும் பின்னால் வருவது. இவற்றில் ஒன்றுகூட அன்றிரவு செய்தி எழுதும் நிருபருக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. டில் அழத் தொடங்கியதும் ஸ்கவுட் அவனோடு வெளியே போய்விடுகிறாள். அதனால் டாமை அரசு வழக்கறிஞர் கில்மர் குறுக்கு விசாரணை செய்ததன் கடைசிப் பகுதியும், அட்டிகஸின் நிறைவுரையின் தொடக்கமும் நாவலில் நேரடியாக இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரத்தில், ஜூரிக்கு நீதிபதி டெய்லர் சொன்ன அறிவுரையையும் அவள் தவறவிட்டாள். நிருபர் இவற்றையெல்லாம் கேட்டிருப்பார். ஆனால் மாணவரிடம் அந்த வார்த்தைகள் கிடையாது. இந்த இடத்தில் கற்பனையாக மேற்கோள் எழுதிவிடும் ஆசை வரும். எழுதக் கூடாது. 'நீதிபதி ஜூரிக்கு அறிவுரை வழங்கினார்' என்ற ஒரு வரியே போதும், அது உண்மையும்கூட.

அடுத்தது முதல் பத்தி. விசாரணை நடந்த வரிசையில், காலையில் கூட்டம் கூடியதிலிருந்து தொடங்கினால் அது செய்தி ஆகாது. வாசகர் கேட்கும் முதல் கேள்வி தீர்ப்பு என்ன என்பதுதான். இப்படித் தொடங்கலாம்:

'வெள்ளை இளம்பெண்ணை வல்லுறவு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளி டாம் ராபின்சன் (25) குற்றவாளி என்று மேகோம்ப் நீதிமன்ற ஜூரி நேற்று இரவு தீர்ப்பளித்தது. பல மணி நேர ஆலோசனைக்குப் பின், இரவு 11 மணியைத் தாண்டித் தீர்ப்பு வெளியானது. ராபின்சனுக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ளனர்.'

இதில் 'குற்றம் சாட்டப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். தீர்ப்பு வந்துவிட்டாலும், நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்தை நிருபர் தன் வாயால் உறுதி செய்வதில்லை. 'அப்பாவி டாமுக்கு அநீதி' என்று தலைப்பு வைக்கவே மாணவரின் மனம் துடிக்கும். நாவலைப் படித்த எவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தத் தலைப்பு வாசகராக அவர் அடைந்த முடிவு. நிருபர் கையில் இருப்பவை சாட்சியங்கள் மட்டுமே.

அந்தச் சாட்சியங்களே எவ்வளவு பேசும் என்பதைப் பாருங்கள்:

'மேயெல்லாவின் முகத்தில் காயம் இருந்ததாகச் சொன்ன ஷெரிஃப் ஹெக் டேட், அது இடது பக்கம் என்று முதலில் கூறிப் பிறகு வலது பக்கம் எனத் திருத்திக்கொண்டார். மருத்துவர் யாரும் அழைக்கப்படவில்லை என்றார். பெண்ணின் தந்தை பாப் யூவெலிடம் உறையின் பின்புறத்தில் பெயரை எழுதும்படி வழக்கறிஞர் ஃபிஞ்ச் கேட்டார். யூவெல் இடது கையால் எழுதினார். ராபின்சனின் இடது கை முடமாக இருந்ததை நீதிமன்றத்தில் இருந்தவர்கள் பார்த்தனர்.'

யார் அடித்தார் என்று இதில் ஒரு சொல்கூட இல்லை. வலது பக்கக் காயம், இடது கைப்பழக்கம், முடமான இடது கை மூன்றும் அருகருகே நிற்கின்றன. மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார். ஆனால் எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதும் ஒருவகையில் கருத்துத்தான். அதைச் சமன்செய்ய, அரசுத் தரப்பு சொன்னதும் செய்தியில் இடம்பெற வேண்டும். தன்னைத் தாக்கியவர் டாம்தான் என்று மேயெல்லா சாட்சி சொன்னாள். அந்த வீட்டுக்குள் போனதையும் அங்கிருந்து ஓடியதையும் டாமே ஒப்புக்கொண்டார். முன்பு ஒரு சண்டை வழக்கில் 30 நாள் சிறையில் இருந்தவர். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த மூன்றையும்தான். டாம்மேல் உள்ள பரிவினால் விடுகிறார்கள். விட்டால் அது செய்தியாக இருக்காது, பிரதிவாதியின் மனு ஆகிவிடும்.

பெண்ணின் பெயர் விஷயத்தையும் வகுப்பில் பேசிவிட வேண்டும். இத்தகைய வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இன்று இந்தியச் சட்டப்படி குற்றம். செய்தியை இன்றைய விதிப்படி எழுதுவதா என்பதை ஆசிரியரும் மாணவரும் முதலிலேயே முடிவு செய்துகொண்டால் நல்லது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் 'பார்த்தேன்' என்றோ, 'இன்னார் சொன்னார்' என்றோ பென்சிலால் குறிக்க வேண்டும். 'டாம் பயந்துபோயிருந்தார்' என்ற வரிக்கு இரண்டையும் குறிக்க முடியாது, எனவே அதை அடித்துவிட வேண்டும். லிங்க் டீஸ் எழுந்து நின்று, டாம் தன்னிடம் எட்டு ஆண்டுகளாக வேலை செய்பவர், எந்தத் தொந்தரவும் தந்ததில்லை என்று சத்தமாகச் சொன்னதும், நீதிபதி அவரை வெளியேற்றியதும் நிற்கும். அறையில் இருந்த எல்லோரும் பார்த்தது அது.

இந்த நாவலைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கதைக்குள்ளேயே ஒரு பத்திரிகைக்காரர் இருக்கிறார். 'மேகோம்ப் ட்ரிப்யூன்' பத்திரிகையின் உரிமையாளரும் ஆசிரியருமான அண்டர்வுட். காணாமல்போன குழந்தைகளை அட்டிகஸ் தேடும்போது, அவர்கள் மாடியில் இருக்கிறார்கள், சரியாக மதியம் 1.18 மணியிலிருந்து இருக்கிறார்கள் என்று சொல்பவர் அவர்தான். ஊரே சாட்சிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாடியையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்த கண் அது. இந்தப் பயிற்சியைத் தொடங்குமுன் மாணவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை திரும்பப் படிப்பது நல்லது.

டாம் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த ட்ரிப்யூன் இதழில் அவரது மரணச் செய்தி கறுப்பின மக்களுக்கான பகுதியில் சுருக்கமாக வந்தது. அண்டர்வுட் தன் கோபத்தை வேறோர் இடத்தில், தலையங்கத்தில் எழுதினார்.