கோடு சரிந்த இடம்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். வெள்ளைக் காய்களுடன் டிங் லிரென், கருப்புடன் சென்னையின் குகேஷ். அந்த ஆட்டத்தின் மதிப்பீட்டு வரைபடமும் நகர்வுப் பட்டியலும் மட்டும் கையில் இருந்தால், ஆட்டம் எங்கே திரும்பியது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வரைபடத்தின் நடுக்கோடு சமநிலை. கோடு மேலே போனால் வெள்ளைக்குச் சாதகம், கீழே இறங்கினால் கருப்புக்கு. இந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் கோடு நடுவை ஒட்டியே நெடுந்தூரம் போகிறது. வலது ஓரம் நெருங்கும்போது திடீரென்று கீழே விழுகிறது, பிறகு எழவே இல்லை.

விழுந்த இடம் எந்த நகர்வு? பட்டியல் 58ஆவது நகர்வில் கருப்பு ஆடியதோடு முடிகிறது. இருவர் ஆடியதையும் தனித்தனியே எண்ணினால் மொத்தம் 116. படத்தின் அகலத்தை அளந்தால், சரிவு முடியும் புள்ளி இடமிருந்து ஏறக்குறைய 94 விழுக்காட்டில் இருக்கும். 116இல் 94 விழுக்காடு 109. ஒற்றைப்படை எண் வெள்ளையுடையது. 109உடன் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் 55. பட்டியலில் அந்த இடத்தில் இருப்பது 55.Rf2.

அளவு சற்றுப் பிசகினால் பழி எதிராளி மேல் விழுந்துவிடும். அதற்கும் ஒரு சோதனை உண்டு. மிகச் சிறந்த நகர்வை ஆடினாலும் நிலை மாறாமல்தான் இருக்கும். தவறு செய்தால்தான் கெடும். ஆகவே கோடு பெரிதாகக் கீழே விழுந்தால் தவறு வெள்ளையுடையது, மேலே எழுந்தால் கருப்பினுடையது. கணினியின் கணக்கு ஆழமாகும்போது வரும் சின்ன அசைவுகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

பெரிய சரிவெல்லாம் திருப்புமுனை ஆகாது. சாதகம் 9இலிருந்து 5க்கு இறங்கினாலும் வெற்றி கைநழுவுவதில்லை. சமநிலையிலிருந்து தோல்விக்குப் போய், திரும்பி வராத இடம்தான் முக்கியம். ஒரு புள்ளியில் விழுந்து அடுத்த புள்ளியிலேயே நடுவுக்கு எழுந்தால், கிடைத்த வாய்ப்பை எதிராளி தவறவிட்டார் என்று பொருள்.

குகேஷ் தவறவிடவில்லை. யானைகள் மாறியதும் 56...Bd5 ஆடினார். டிங்கின் பிஷப் a8 மூலையில் சிக்கியிருந்தது. பிஷப்களும் மாறுவதை அதனால் தவிர்க்க முடியவில்லை. மிஞ்சிய ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் கருப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், வெற்றி உறுதி.

அந்த பிஷப் மூலைக்குப் போனபோது கோடு அசையவில்லை. யானையை மாற்றாமல் வைத்திருந்தால் ஆட்டம் அப்போதும் சமநிலைதான். ஆனால் Rf2 தோற்கும் நகர்வாக மாறியது அந்த மூலையால்தான். எனவே கோடு விழுந்த இடத்தைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய ஐந்தாறு நகர்வுகளையும் பலகையில் வைத்துப் பாருங்கள்.